ஏறும் பென்ஷனின் இன்றைய விலை

ஓய்வு பெறும்போது வரும் மொத்தப் பணத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து ஆயுள் முழுக்கப் பென்ஷன் வாங்கப் போனால், முகவர் பல வகைகளைக் காட்டுவார். ஒன்றில் தொகை கடைசிவரை மாறாது. இன்னொன்றில் குறைவாகத் தொடங்கி ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறும். முதல் ஆண்டுத் தொகையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏறும் பென்ஷன் எப்போதும் தோற்கும். இரண்டையும் இன்றைய ரூபாய்க்குக் கொண்டுவந்து நிறுத்தினால்தான் நியாயமான ஒப்பீடு.

முடிவே இல்லாத ஒன்றிலிருந்து தொடங்குவது எளிது. ஊர்ப் பள்ளியில் ஆண்டுதோறும் 1 லட்ச ரூபாய் உதவித்தொகை தர ஓர் அறக்கட்டளை வைக்கிறோம். விலைவாசி ஏறும், அதனால் உதவித்தொகையும் ஆண்டுக்கு 3 சதவீதம் ஏற வேண்டும். என்றைக்கும் நிற்கக் கூடாது. வங்கி வட்டி 7 சதவீதம். எவ்வளவு முதல் போட வேண்டும்?

25 லட்சம் போதும். முதல் ஆண்டு வட்டி 1,75,000 ரூபாய். அதில் 1 லட்சத்தைக் கொடுத்துவிட்டு மீதி 75,000-ஐ முதலோடு சேர்த்தால் அது 25,75,000 ஆகிறது. முதல் 3 சதவீதம் வளர்ந்துவிட்டதால், அடுத்த ஆண்டு 1,03,000 கொடுத்தாலும் முதல் மறுபடி 3 சதவீதம் வளரும். இப்படியே போய்க்கொண்டிருக்கும். வட்டியில் 3 சதவீதம் முதலை வளர்க்கப் போய்விடுகிறது. செலவுக்கு மிஞ்சுவது 4 சதவீதம். அதனால்தான் முதல் ஆண்டுத் தொகையை, வட்டியிலிருந்து வளர்ச்சியைக் கழித்து வரும் 0.04-ஆல் வகுக்கிறோம். வளர்ச்சியை 3-லிருந்து 5 சதவீதமாக மாற்றினால் மிஞ்சுவது 2 சதவீதம்தான். தேவைப்படும் முதல் 50 லட்சமாகிவிடும். 7 சதவீதத்தைத் தொட்டால் எவ்வளவு பணமும் போதாது. வட்டியும் வளர்ச்சியும் நெருங்கும் கணக்குகளை நான் நம்புவதில்லை. கால் சதவீதம் பிசகினாலும் விடை லட்சக்கணக்கில் நகர்ந்துவிடும்.

பென்ஷனுக்கு முடிவு உண்டு. 20 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். முடிவில்லாத தொகையின் விலை 25 லட்சம். நமக்கு வேண்டாதது 21-ஆம் ஆண்டிலிருந்து தொடங்கும் பகுதி. அந்தக் கட்டத்தில் அறக்கட்டளையில் இருக்கக்கூடிய முதல் சுமார் 45 லட்சத்து 15 ஆயிரம். 20 ஆண்டு கழித்து வரும் அந்தப் பணத்துக்கு, 7 சதவீத வட்டியில் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 11 லட்சத்து 67 ஆயிரம்தான். அதைக் கழித்தால் 13 லட்சத்து 33 ஆயிரம். ஆண்டு முடிவில் 1 லட்சத்தில் தொடங்கி 3 சதவீதம் ஏறும் 20 ஆண்டுப் பென்ஷனின் இன்றைய விலை இது.

இதே விலைக்கு மாறாத பென்ஷன் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,25,800 ரூபாய் தரும். ஏறும் பென்ஷன் அதை 9-ஆம் ஆண்டில்தான் தாண்டுகிறது. கையில் வாங்கிய மொத்தத் தொகையில் முந்த 16-ஆம் ஆண்டு ஆகிவிடும். 60 வயதில் தொடங்கியவருக்கு அப்போது 76 வயது. ஆகவே எத்தனை ஆண்டு வாங்குவோம் என்பதே இங்கே பெரிய கேள்வி. 10 ஆண்டுதான் என்றால் 1,12,800 ரூபாய் மாறாத பென்ஷனே ஏறும் பென்ஷனுக்கு ஈடு. 30 ஆண்டு என்றால் 1,37,000-க்கு மேல் தந்தால்தான் ஈடாகும். ஒருவர் எத்தனை ஆண்டு இருப்பார் என்று நிறுவனத்துக்கும் தெரியாது. ஆயிரக்கணக்கானவர்களின் ஆயுள் சராசரியை வைத்து விலை போடுகிறது. குடும்பத்தில் நீண்ட ஆயுள் உள்ளவர்களுக்கும், உடல் திடமாக இருப்பவர்களுக்கும் ஏறும் வகை பொருந்துவது இதனால்தான்.

கையெழுத்துப் போடும் முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மேலே சொன்ன 3 சதவீதம் கூட்டு வட்டி போல ஏறுவது: 1,00,000, 1,03,000, 1,06,090. எல்.ஐ.சி.யின் ஜீவன் அக்ஷய் 7 திட்டத்தில் உள்ள ஏறும் வகையோ தனிவட்டி முறை. ஒவ்வோர் ஆண்டும் தொடக்கத் தொகையின் 3 சதவீதம் மட்டுமே கூடும்: 1,00,000, 1,03,000, 1,06,000. முதலில் 90 ரூபாய் வித்தியாசம். 20-ஆம் ஆண்டில் ஒன்று 1,75,350, மற்றது 1,57,000. தனிவட்டி முறையில் 20 ஆண்டுப் பென்ஷனின் விலை 12 லட்சத்து 92 ஆயிரமாகக் குறைகிறது. ஈடான மாறாத பென்ஷனும் 1,22,000-க்குச் சற்றுக் கீழே வந்துவிடுகிறது. அதே பணத்துக்கு மாறாத வகையில் அதைவிடக் கூடுதலாகத் தருவதாக முகவர் சொன்னால், 20 ஆண்டுக் கணக்கில் அதை வாங்குவதே லாபம்.