விட்ட இடத்தைக் குறித்து வை

கப்பல்துறையில் இருக்கும் என் மருமகன் ஒரு கணினி விளையாட்டை இறக்க வேண்டுமென்றால் இரவு டேட்டாவுக்காகப் பன்னிரண்டு மணி தாண்டும்வரை விழித்திருப்பான். விலைக்கழிவு வரும்வரை மாதக்கணக்கில் பொறுத்திருந்து வாங்கியதாகவும் அது இருக்கும். அப்படி வாங்கியதை மூன்றாம் நாளே மூடிவிட்டால் போவது காசு மட்டுமல்ல. அவனும் நானும் சேர்ந்து ஒரு குறிப்பேடு தொடங்கியது இதற்காகத்தான். விளையாடியவற்றை விரும்பியவை, பாதியில் விட்டவை, வெறுத்தவை என்று மூன்றாகப் பிரித்து, அடுத்து எதை வாங்குவது என்று அதைக் கொண்டு கணிப்பது எங்கள் திட்டம்.

கடையே பரிந்துரை தருகிறதே என்று கேட்கலாம். ஸ்டீம் கடை 2019இல் ஒரு பரிந்துரைக் கருவியைச் சோதனைக்கு விட்டது. யார் எந்த விளையாட்டை எவ்வளவு நேரம் ஆடினார்கள் என்ற பதிவிலிருந்து அது கற்றுக்கொள்கிறது. உங்களைப் போல ஆடியவர்கள் வேறு எதை ஆடினார்கள் என்று பார்த்துச் சொல்கிறது. ஆனால் அந்த நேரத்துக்கான காரணம் அதற்குத் தெரியாது. மருமகன் போனில் மிக அதிகமாக ஆடியது ஃப்ரீ ஃபயர். ஐம்பது பேர் ஒரு தீவில் இறங்கிப் பத்து நிமிடம் சண்டையிடும் விளையாட்டு அது. கூட ஆடிய பெடியன்கள் வேலைக்கு வெளிநாடு போனதும் ஒரே வாரத்தில் அதை அழித்துவிட்டான். அத்தனை மணி நேரமும் அவன் விரும்பியது கூட்டாளிகளோடு கதைத்துக்கொண்டிருப்பதை. மணிக்கணக்கை மட்டும் பார்க்கும் கருவி, அவனுக்குச் சுடும் விளையாட்டு பிடிக்கும் என்றுதான் முடிவு கட்டும்.

அதனால் எங்கள் ஏட்டில் மணிக்கணக்கு இல்லை, விளையாட்டின் வகைப்பெயரும் இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எழுத வேண்டியது ஒன்றுதான்: நிறுத்துவதற்கு முந்தைய கால் மணி நேரத்தில் என்ன நடந்தது? “சலித்துவிட்டது” என்று எழுதினால் செல்லாது. எந்த இடத்தில், எதைச் செய்துகொண்டிருந்தபோது சலித்தது என்று இருக்க வேண்டும். உயர்தரப் பரீட்சை வந்ததால் விட்டது, மடிக்கணினி பழுதானதால் விட்டது போன்றவற்றை அப்படியே அடித்துவிட வேண்டும். அவை அவனுடைய நாட்களைப் பற்றிய செய்திகள், ரசனையைப் பற்றி ஒன்றும் சொல்லாதவை.

மூன்று பட்டியல்களில் எனக்கு மதிப்பு மிகுந்தது பாதியில் விட்டவைதான். வெறுத்ததை முதல் அரை மணியிலேயே மூடியிருப்போம். அதில் தடுத்த சுவர் மட்டும் தெரியும். விரும்பியதில் எல்லாமே நன்றாகத் தோன்றும். பாதியில் விட்டதிலோ, பத்து மணி நேரம் இழுத்து வைத்திருந்தது எது, கடைசியில் வெளியே தள்ளியது எது என்ற இரண்டும் இருக்கின்றன.

பட்டியல் எழுதியதும் செய்ய வேண்டியது, வெவ்வேறு பட்டியலில் விழுந்த, ஆனால் மிகவும் ஒத்த இரு விளையாட்டுகளைத் தேடுவது. எல்லாம் ஒத்திருந்து ஒன்றில் மட்டும் வேறுபட்டால் அந்த ஒன்றைச் சந்தேகி என்பது ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் தன் தர்க்க நூலில் வகுத்துக் காட்டிய முறை. மருமகனின் ஏட்டில் அப்படியொரு சோடி கிடைத்தது. விரும்பியதில் செலெஸ்ட் (2018), விட்டதில் ஹாலோ நைட் (2017). இரண்டும் பக்கவாட்டில் ஓடித் தாவும் விளையாட்டுகள், இரண்டும் கடினமானவை, ஒன்று பிடித்தவருக்கு மற்றதை எல்லோரும் சொல்வார்கள். செலெஸ்டில் அவன் ஆயிரக்கணக்கில் செத்திருக்கிறான்; அந்த விளையாட்டே எண்ணிக் காட்டும். ஆகவே கடினம் அவனுக்குத் தடை இல்லை. செலெஸ்டில் செத்தால் ஒரு நொடியில் அதே அறையின் தொடக்கத்தில் நிற்பீர்கள். ஹாலோ நைட்டில் செத்தால் கடைசியாக உட்கார்ந்த பெஞ்சில் எழுந்து, சேர்த்த காசைப் பறிகொடுத்து, அதை மீட்க விழுந்த இடம்வரை திரும்பப் போக வேண்டும். அவன் விட்டது சோல் மாஸ்டர் என்ற எதிரியிடம். எழுதி வைத்திருந்தது இது: “அடி வாங்கிறது பரவாயில்லை மாமா. ஒவ்வொரு தடவையும் அவ்வளவு தூரம் திரும்பிப் போறதுதான் ஏலாது.”

இதிலிருந்து முதல் விதி: தோற்றால் வெகுதூரம் பின்னே தள்ளும் விளையாட்டு ஆகாது. இங்கே நிறுத்தியிருந்தால் விதி அழகாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஏற்கெனவே தெரிந்தவற்றைப் பார்த்து எழுதிய விதி, தெரிந்தவற்றை விளக்கத்தான் செய்யும். அதைச் சோதிக்க, விரும்பியவற்றில் ஒன்றை மறைத்து வைத்து, அதைப் பற்றி விதி என்ன சொல்லும் என்று கேட்க வேண்டும். ஸ்லே த ஸ்பயரை மறைத்தோம். அது சீட்டுகளால் சண்டையிட்டு ஒரு கோபுரம் ஏறும் விளையாட்டு. செத்தால் எல்லாம் போய் அடிவாரத்திலிருந்து தொடங்க வேண்டும். விதிப்படி அவன் அதை விட்டிருக்க வேண்டும். அவனுக்கோ அது உயிர்.

விதி எங்கே பிசகியது? ஸ்லே த ஸ்பயரில் மீண்டும் தொடங்கினால் வழி வேறு, கைக்கு வரும் சீட்டு வேறு. அதோடு, எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பது அவன் தலைக்கு மேலேயே தெரியும். யோசிக்க எவ்வளவு நேரமும் எடுக்கலாம். ஆக இரண்டு விளக்கங்கள் கிடைத்தன. பார்த்த வழியே மீண்டும் வராததால் பிடித்ததா, அவசரம் இல்லாததால் பிடித்ததா? இரண்டையும் பிரித்துக் காட்டும் ஒரு விளையாட்டு தேவைப்பட்டது. டெட் செல்ஸ் அப்படிப்பட்டது. அங்கேயும் செத்தால் ஆரம்பம்தான், அறைகளின் அமைப்பு ஒவ்வொரு முறையும் மாறும், ஆனால் கை வேகம் வேண்டும்.

வாங்குமுன் கணிப்பை எழுத வேண்டும். பின்னால் எழுதினால் நினைவு நமக்குச் சாதகமாக வளைந்துகொடுக்கும். அவன் எழுதியது “தொடர்வேன்”. மூன்றாம் மாலையில் விட்டான். அறைகள் இடம் மாறினாலும் எப்போதும் அதே சிறைச்சாலையில் தொடங்கி, தெரிந்த எதிரிகளைத் தெரிந்த விதத்தில் வெட்டிக்கொண்டு போவதாக இருந்தது என்றான். அவசரமும் ஒரு காரணமா என்று கேட்டேன். இல்லை, செலெஸ்டில் அதைவிட அவசரம் என்றான். நியாயமான பதில். விதி இப்போது இப்படி ஆனது: தோற்றபின் அவன் செய்யும் முதல் வேலையில் புதிதாக ஏதாவது முடிவெடுக்க இருக்க வேண்டும், இல்லையேல் தோற்ற இடத்துக்கே உடனே திரும்ப வேண்டும்.

இந்தச் சோதனை காசையும் தின்றது. ஸ்டீமில் வாங்கிப் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஓட்டமும் தாவலும் கைக்குப் பிடிக்கிறதா என்று பார்க்க அந்த இரண்டு மணி போதும். திரும்பத் திரும்ப வருவது எப்போது சலிக்கும் என்பதை அது காட்டாது. அதற்கு விளையாட்டின் எதிர்மறை விமர்சனங்களை வாசிக்கலாம். எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடியபின் எழுதினார் என்பதை ஸ்டீம் பக்கத்திலேயே காட்டும். பதினைந்து, இருபது மணி ஆடிவிட்டு விட்டவர் எழுதியதைத் தேடுங்கள். அவர் நம்மைப் போலவே பாதியில் விட்டவர், எங்கே விட்டார் என்றும் பெரும்பாலும் சொல்லியிருப்பார்.

அடுத்து அவன் தேர்ந்திருப்பது இன்டு த ப்ரீச். எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் எதிரிகளின் தாக்குதல் முன்கூட்டியே தெரிய, நிதானமாகக் காய் நகர்த்தும் விளையாட்டு. விதிக்கு அது அப்படியே பொருந்துகிறது. பொருந்துவதை மட்டுமே வாங்கினால் விதி தவறு என்று ஒருபோதும் தெரியவராது என்பதால், பொருந்தாத ஒன்றையும் சேர்க்கச் சொன்னேன். 2025 செப்டம்பரில் வெளிவந்த சில்க்சாங், ஹாலோ நைட்டின் தொடர்ச்சி. தோற்றபின் நெடுந்தூரம் திரும்ப நடக்க வேண்டியிருக்கிறது என்று அதைப் பற்றியும் பலர் குறைப்பட்டார்கள். “விடுவேன், முதல் பத்து மணிக்குள், ஒரு பெரிய எதிரியிடம்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். முடித்துவிட்டான் என்றால் விதியை மறுபடி எழுத வேண்டும். வேறு காரணத்தால் விட்டால், அந்தக் காரணத்துக்கு ஏட்டில் இன்னும் இடம் இல்லை.