மழை வெளியே, மூட்டம் உள்ளே

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். அடைமழை நாளில் ஐந்து பேர் காரில் ஏறி, சாரல் அடிக்கிறதென்று கண்ணாடிகளை ஏற்றிவிட்டால், சில வளைவுகளிலேயே முன்கண்ணாடி வெளுத்துவிடும். ஓட்டுபவர் கைக்குட்டையால் துடைப்பார். அடுத்த வளைவில் மறுபடி வெளுக்கும். வெளியிலிருந்து ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. அப்படியானால் இது எங்கிருந்து வந்த தண்ணீர்?

நம்மிடமிருந்துதான். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர், மூச்சிலும் தோலிலுமாக மணிக்குச் சுமார் 40 கிராம் நீராவியை விடுகிறார். ஐந்து பேருக்கு 200 கிராம், அதாவது ஒரு டம்ளர். காருக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய 3 கன மீட்டர். 25 டிகிரியில் அது 69 கிராம் நீராவியைத் தாங்கும். ஆனால் மழையில் நனைந்த கண்ணாடி 18 டிகிரிக்குக் குளிர்ந்திருந்தால், அந்தக் குளிரில் அதே காற்றால் 46 கிராம்தான் தாங்க முடியும். காற்று இப்படித் தன் ஈரத்தைக் கைவிடத் தொடங்கும் வெப்பநிலைக்குப் பனிப்புள்ளி என்று பெயர். புறப்படும்போதே உள்ளே 40 கிராம் இருந்தால், மிச்ச இடம் ஆறே கிராம், ஒரு தேக்கரண்டிக்குச் சற்று அதிகம். ஐந்து மூச்சுகள் அதை இரண்டே நிமிடத்தில் நிரப்பிவிடும். நனைந்த குடையை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இதற்கு மருந்து ஏசி. குளிருக்காக அல்ல, காற்றைப் பிழிவதற்காக. டேஷ்போர்டுக்குள் இருக்கும் குளிர்ச்சுருளில் காற்று 5 டிகிரி அளவுக்குக் குளிரும்போது, ஒரு கன மீட்டரில் 7 கிராம் ஈரம்கூடத் தங்காது. மிச்சம் சொட்டுச் சொட்டாக வண்டிக்கு அடியில் வடியும். பிறகு அந்த உலர்ந்த காற்றை ஹீட்டரில் சூடாக்கிக் கண்ணாடிமேல் ஊதினால், அது தாகத்தோடு ஈரத்தை உறிஞ்சும். ஏசியையும் ஹீட்டரையும் ஒன்றாக ஓடவிடுவது கிறுக்குத்தனமாகத் தோன்றும்; ஆனால் மலையில் அதுதான் வழி. கூடவே, உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அணைத்துவிட வேண்டும். வெளியே கொட்டும் மழையானாலும், 18 டிகிரிக் காற்றில் கன மீட்டருக்கு 15 கிராம்தான் ஈரம் இருக்கும். ஐந்து பேர் மூச்சுவிட்ட காற்றைவிட அது உலர்ந்தது!

சென்னைப் புழுக்கத்தில் கதை தலைகீழ். அங்கே ஏசியின் குளிர்காற்று கண்ணாடியில் நேராகப் பட்டால், வெளிப்பக்கம் வெளுக்கும், ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே வியர்ப்பதைப் போல. விரலால் உள்ளே தேய்த்துப் பாருங்கள். மூட்டம் அழியாவிட்டால் அது வெளியே இருக்கிறது. வைப்பரை ஒருமுறை ஓட்டி, காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பினால் போதும்.

வைப்பரிலும் ஒரு நுட்பம் உண்டு. அதன் ரப்பர் விளிம்பு எப்போதும் நகரும் திசைக்குப் பின்னால் சாய்ந்து இழுபட வேண்டும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் மறுபக்கம் மடிய வேண்டும். வெயிலில் விறைத்த ரப்பர் மடியாது. தடதடவென்று துள்ளிக் கோடு கோடாக நீரை விட்டுப் போகும். ஷோரூமில் பார்க்க வேண்டியது வேறு. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, தண்ணீர் தெளித்து வைப்பரை ஓட்டச் சொல்லுங்கள். வலது தூணோரம் துடைக்கப்படாத பட்டை எவ்வளவு அகலம்? வலப்பக்கக் கொண்டை ஊசியில் நீங்கள் பார்ப்பது அதன் வழியாகத்தான்.

இனிப் பின்கண்ணாடி. செடானில் கூரையைத் தாண்டும் காற்று, சரிந்த கண்ணாடியை ஒட்டி வழுக்கிக்கொண்டே நீரைத் தள்ளிவிடும். ஹேட்ச்பேக்கிலும் எஸ்யூவியிலும் கூரை சட்டென்று முடிகிறது. காற்று அங்கே பிய்த்துக்கொண்டு சுழல, சக்கரங்கள் கிளப்பும் சேற்றுத் தூவலை அந்தச் சுழல் கண்ணாடிமேல் அப்பும். பின்வைப்பர் அந்த வண்டிகளுக்கே அதிகம் தேவைப்படுவது இதனால்தான். பல மாடல்களில் விலை குறைந்த வேரியன்ட்டில் முதலில் வெட்டப்படுவதும் அதுவேதான். மோட்டாருக்குக் கண்ணாடியில் துளை, கதவு வழியே வயர், நீர்க்குழாய் எல்லாம் வேண்டும் என்பதால், பிறகு மாட்டிக்கொள்வது எளிதல்ல. பாட்டுப்பெட்டியைத்தான் பிறகு மாட்டிக்கொள்ளலாம்.

பின்கண்ணாடியின் உட்பக்கத்தில் ஓடும் மெல்லிய கிடைக்கோடுகள்தான் டீஃபாகர். வெள்ளி கலந்த பசையைக் கண்ணாடியில் அச்சிட்டுச் சுட்டு எடுத்தவை. 12 வோல்ட்டில் சுமார் 15 ஆம்பியர் பாய்ந்தால் 180 வாட், இரண்டு மூன்று மின்விசிறிகள் இழுக்கும் மின்சாரம். அது முழுவதும் வெப்பமாகிறது. பழைய கார் வாங்குவோர் கவனிக்க: ஒட்டியிருந்த சன்ஃபிலிமைப் பிளேடால் சுரண்டியிருந்தால், கோடுகளும் அறுந்திருக்கக்கூடும். இன்ஜினை ஓடவிட்டு, பின்கண்ணாடியில் வாயால் ஊதி மூட்டம் ஏற்றி, டீஃபாகரைப் போடுங்கள். கோடுகளை ஒட்டி வரி வரியாகத் தெளியும். ஒரு வரி மட்டும் வெளுத்தே நின்றால், அந்தக் கோட்டை விரலால் தொடர்ந்து போங்கள். எங்கோ ஓரிடத்தில் மயிரிழை அளவு இடைவெளி தட்டுப்படும். மின்கடத்தும் வெள்ளிப் பூச்சு ஒரு துளி வைத்தால் அந்தக் கோடு மறுபடி சுடும்.