உங்களுக்குத் தெரியுமா? இணையத்தில் பட்டுப் புடவை விற்பவர்களுக்கு

★ 'தூய பட்டு, கைத்தறி, காஞ்சிபுரம்' என்று ஒரே மூச்சில் எழுதிவிடுகிறோம். இவை மூன்றும் தனித்தனி வாக்குறுதிகள். 'சில்க் மார்க்' முத்திரை, நூல் அசல் பட்டு என்பதற்கு மட்டுமே சாட்சி. விசைத்தறியில் நெய்த அசல் பட்டுக்கும் அது கிடைக்கும். கையால் நெய்தது என்பதற்கு 'ஹேண்ட்லூம் மார்க்' வேறு. காஞ்சிபுரம் என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு வேறு. உங்களிடம் எது இருக்கிறதோ அதை மட்டும் எழுதி, முத்திரைச் சீட்டையும் படம் பிடித்துப் போடுங்கள்.

★ வாங்குபவர் அதிகம் ஏமாறுவது ஜரிகையில்தான். அசல் ஜரிகை என்றால் பட்டு நூலின் மேல் வெள்ளிச் சரட்டைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. 'டெஸ்டட்' ஜரிகையில் வெள்ளிக்குப் பதில் செம்பு. இன்னொன்று, பளபளக்கும் பிளாஸ்டிக் இழை. 'டெஸ்டட்' என்றதும் யாரோ சோதித்துச் சான்று கொடுத்த ஜரிகை என்று நினைக்கும் வாடிக்கையாளர்கள் ஏராளம். அதனால் 'செம்புக் கம்பியில் செய்த டெஸ்டட் ஜரிகை' என்று முழுதாகவே எழுதுங்கள். விற்பனை போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். விலை ஏன் குறைவு என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது.

★ கோர்வைப் புடவை என்று போடுவதற்கு முன் கரையை உற்றுப் பாருங்கள். கோர்வையில் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் இரண்டு, ஆக மூன்று நாடாக்கள் ஓடும். உடலின் ஊடை நூல் கரைக்குள் போகாது. கரையின் நிறம் கலப்பில்லாமல் நிற்கும். சிவப்புக் கரைக்குள் உடலின் பச்சை ஊடுருவி நிறம் மங்கித் தெரிந்தால் அது கோர்வை இல்லை. அதுவும் நல்ல புடவைதான், ஆனால் கோர்வையின் விலையைக் கேட்க முடியாது. கோர்வையே என்றால், உடலும் கரையும் சேரும் இடத்தைப் புடவையின் பின்பக்கத்திலிருந்து நெருக்கமாக ஒரு படம் எடுங்கள். பத்து வரி வர்ணனை செய்யாத வேலையை அது செய்யும்.

★ மயில்கழுத்து நிறத்தை எந்தக் கேமராவும் ஒழுங்காகப் பிடிப்பதில்லை. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்பதால் புடவை அசைய அசைய நிறம் மாறும். 'படத்தில் உள்ளதிலிருந்து சற்று மாறலாம்' என்ற வரியால் பயன் இல்லை. 'பாவு நீலம், ஊடை பச்சை. வெயிலில் பச்சை தூக்கலாகவும் அறைக்குள் நீலமாகவும் தெரியும்' என்றால் வாங்குபவர் மனத்தில் புடவை விரிந்துவிடும்.

★ ஒரு மாதிரி பார்ப்போம். வழக்கமான விவரம்: 'மனதை மயக்கும் பாரம்பரிய அழகு! ராஜகம்பீரத் தோற்றம்! திருமணத்துக்கு ஏற்றது!' இதை எந்தப் புடவைக்கும் ஒட்டலாம். மாற்றி எழுதினால்:

'கைத்தறிப் பட்டு, கோர்வை நெசவு. உடல் அரக்கு, கரை பச்சை, கரை அகலம் 4 அங்குலம். பாவும் ஊடையும் பட்டு, ஜரிகை டெஸ்டட். புடவை 5.5 மீட்டர், அதோடு சேர்ந்த ரவிக்கைத் துணி 0.8 மீட்டர். எடை 650 கிராம். நாள் முழுதும் கட்டியிருந்தாலும் தோள் வலிக்காது. முந்தானையில் ஓரிடத்தில் சிறு நூல் முடிச்சு உண்டு (படம் 5).'

அளவையும் எடையையும் பழைய விவரத்திலிருந்து ஒட்டாமல், அந்தந்தப் புடவையை அளந்தே எழுத வேண்டும். 6.3 மீட்டர் என்று மட்டும் போட்டால், ரவிக்கைத் துணி அதில் அடக்கமா, தனியா என்று கேட்டுப் பத்துப் பேர் செய்தி அனுப்புவார்கள்.

★ 'கைத்தறிக்கே உரிய சிறு குறைகள்' என்ற போர்வையை எல்லாவற்றுக்கும் போர்த்தாதீர்கள். தடித்த இழை, சின்ன முடிச்சு இவை தறியின் இயல்பு. ஊடை விடுபட்ட கோடு, எண்ணெய்க் கறை, ஓட்டை ஆகியவை பழுது. பழுதைப் பழுது என்று சொல்லி விலையைக் குறைத்து விற்கலாம். 2020-ல் வந்த இணைய வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் அதைத் திரும்பப் பெற மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. 'ரிட்டர்ன் கிடையாது' என்று போட்டிருந்தாலும் அது காப்பாற்றாது.

★ நம்பாதவரையும் நம்ப வைக்க ஒரு எளிய வழி: புடவையோடு பாவு நூலும் ஊடை நூலும் தனித்தனியாக ஒரு சிறு உறையில் வைத்து அனுப்புவதாக விவரத்திலேயே சொல்லிவிடுங்கள். பற்றவைத்தால் பட்டு முடி கருகும் வாடையோடு எரிந்து, விரலில் நசுங்கும் கரியாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். இரண்டு நூலும் வேண்டும், ஏனென்றால் பாவு பட்டாகவும் ஊடை வேறாகவும் நெய்த புடவைகள் கடையில் உண்டு.