இருபது மேஜைக்கு எவ்வளவு மரம்?

இருபது மேஜைக்கு ஆர்டர் வந்ததும், ஒரு மேஜையை அதன் பாகங்களாகப் பிரித்து எழுத வேண்டும். மேல்பலகை, சட்டம், நான்கு கால்கள். பிறகு ஒவ்வொன்றையும் அதற்கான மரம், ஸ்க்ரூ, பாலிஷ் வரை விரித்து இருபதால் பெருக்க வேண்டும்.

கால்களை மட்டும் பார்ப்போம். இழைத்தபின் இரண்டேகால் அங்குலம் வேண்டுமென்றால், அறுப்பு அளவு இரண்டரை. முப்பது அங்குல நீளத்தில் 80 கால்களுக்கு 8.7 கன அடி. வாங்கும் மரத்தில் ஐந்தில் ஒரு பங்கு கழிவாகுமென்றால், பலர் 20 சதவீதம் கூட்டி 10.4 என்பார்கள். அது போதாது. 0.8-ஆல் வகுக்க வேண்டும், கிட்டத்தட்ட 10.9 வரும். குறையும் ஏறக்குறைய அரை கன அடி, கடைசி மூன்று நான்கு கால்கள்.

ஸ்க்ரூவில் தவறு வேறு விதம். ஒரே ஸ்க்ரூ சட்டத்தின் மூலைகளில் 16, மேல்பலகையைப் பிடிக்க 16. இரண்டையும் சேர்த்தால்தான் 640. கையிருப்பு 150 போக 490, அதாவது நூறு கொண்ட ஐந்து பெட்டி.

பாலிஷுக்குப் பரப்பளவைக் கோட் எண்ணிக்கையாலும் பெருக்க வேண்டும். மேஜைக்கு 30 சதுர அடி, மூன்று கோட் என்றால் மொத்தம் 1,800. ஒரு லிட்டர் நூறு சதுர அடிக்கு வந்தால் 18 லிட்டர். பலகையின் அடிப்பக்கத்தையும் பரப்பில் சேருங்கள். அதைப் பூசாமல் விட்டால் ஈரம் ஒருபக்கமாக ஏறி, பலகை வளையும்.