வைத்தது ஒருவருக்கு, செத்தது இன்னொருவர்

ஒருவன் தனக்குத் தெரிந்த ஒருவர் பெயரில், அவருக்கே சொல்லாமல், பெரிய தொகைக்கு ஆயுள் காப்பீடு எடுத்தான். அவர் செத்தால்தான் பணம் வரும். ஆகவே தன் மைத்துனர் வீட்டுக்கு அவரை வரச்சொல்லி, ஆர்செனிக் நஞ்சு கலந்த அல்வாவைக் கொடுத்தான். வந்தவர் கொஞ்சம் தின்றுவிட்டு மீதியை எறிந்துவிட்டார். மைத்துனருடைய மகள், எட்டு ஒன்பது வயதுச் சிறுமி, அதை எடுத்துத் தின்றாள். இன்னொரு குழந்தைக்கும் கொடுத்தாள். குழந்தைகள் இருவரும் இறந்தார்கள். யாரைக் கொல்ல நினைத்தானோ அவர் மிகவும் அவதிப்பட்டுக் கடைசியில் பிழைத்துக்கொண்டார்.

1912இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்த சூரியநாராயண மூர்த்தி வழக்கு இது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் இதைப் பாடமாக நடத்துகிறார்கள்.

பிழைத்தவரைக் கொல்ல முயன்றதற்காக அவனுக்கு ஏற்கெனவே ஏழு ஆண்டு தண்டனை கிடைத்திருந்தது. சிறுமியைக் கொன்ற குற்றத்திலிருந்து மட்டும் கீழ்நீதிமன்றம் அவனை விடுவித்திருந்தது. அதை எதிர்த்து அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. அந்தச் சிறுமிமேல் அவனுக்கு எந்தப் பகையும் இல்லை, அவள் அவனுக்கு நெருங்கிய உறவு. அவள் சாவுக்கு அவனைக் கொலைகாரன் என்று எப்படிச் சொல்வது?

இந்திய தண்டனைச் சட்டத்தின் 301ஆம் பிரிவு இதற்காகவே எழுதப்பட்டது. 2024 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 102ஆம் பிரிவு. ஒருவர் சாகவேண்டும் என்று நினைத்துச் செய்த செயலால், நினைக்காத வேறொருவர் செத்தால், நினைத்தவரே செத்திருந்தால் அது எந்த வகைக் குற்றமாகியிருக்குமோ அதே வகைக் குற்றம்தான் இதுவும் என்கிறது அது. சிறுமியைக் கொல்ல எண்ணினான் என்று சட்டம் பாவனை செய்யவில்லை. ஓர் உயிரைப் போக்கும் எண்ணம் இருந்ததா, அந்த எண்ணத்தோடு செய்த காரியத்தால் ஓர் உயிர் போனதா என்ற இரண்டை மட்டும்தான் அது பார்க்கிறது.

அல்வா வழக்கில் சிக்கல் இரண்டாவது கேள்வியில்தான். அந்தச் சாவு ‘அவன் செயலால்’ நேர்ந்ததா? அவன் சிறுமிக்குக் கொடுக்கவில்லை. ஒருவர் எறிந்தார், அவள் தானாக எடுத்தாள். நீதிபதி சுந்தர ஐயர் இதைப் பெரிய தடையாகக் கண்டார். இடையில் மற்றவர்கள் செயல் புகுந்தபின் அந்தச் சாவை அவன் கணக்கில் எழுத முடியாது என்றார். நீதிபதி பென்சன் ஒப்பவில்லை. கருத்து இரண்டாகப் பிளந்ததால் வழக்கு மூன்றாவதாக நீதிபதி அப்துர் ரஹீமிடம் போனது. அவர் பென்சன் பக்கம் நின்றார். கொலைக் குற்றம் உறுதியாகி, ஆயுள் முழுக்க நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது.

பெரும்பான்மை முடிவுதான் சரி என்பது என் எண்ணம். நஞ்சென்று அறியாத குழந்தை இனிப்பை எடுத்துத் தின்பதை, சங்கிலியை அறுக்கும் சுதந்திரமான செயலாகக் கொள்ள முடியாது. குழியின்மேல் குச்சியும் புல்லும் போட்டு மூடிவைத்தவன், தெரியாமல் கால்வைத்து விழுந்து செத்தவருக்குப் பொறுப்பாவான் என்று சட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஆனால் அந்த அல்வாவில் நஞ்சு இருப்பதைத் தெரிந்துகொண்ட ஒரு பெரியவர் வேண்டுமென்றே அதை இன்னொருவருக்கு ஊட்டியிருந்தால் கதை வேறு. அப்போது கொலைப்பழி அந்தப் பெரியவர்மேல்தான் முதலில் விழும்.

எண்ணம் இடம் மாறும்போது அதன் தீவிரம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. சட்டத்தின் இன்னோர் உதாரணம் இதைக் காட்டும். ஒருவர் கடுமையாக, திடீரென்று சீண்டியதால் நிதானமிழந்தவன் அவரை நோக்கிச் சுடுகிறான். பார்வையில் படாமல் பக்கத்திலிருந்த மற்றொருவர் சாகிறார். சீண்டியவரே செத்திருந்தால் அவனுக்கு என்ன சலுகை கிடைத்திருக்குமோ, அதே சலுகை இங்கும் கிடைக்கும். ஆகவே இது கொலையாகாது. அதைவிடக் குறைந்த, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம்தான். ஆனால் சீண்டியவர்மேலுள்ள கோபத்தில் அவர் பிள்ளையை வேண்டுமென்றே கொன்றால் அது கொலையேதான். பிள்ளை எதுவும் சீண்டவில்லையே.

குற்றத்தின் வகை மாறினால் எண்ணம் கைமாறாது. 1874இல் இங்கிலாந்தில் பெம்பிள்டன் என்பவன் சண்டைக்கு நின்றவர்கள்மேல் எறிந்த கல் ஒரு ஜன்னலை உடைத்தது. ஆளை அடிக்கும் எண்ணத்தை, கண்ணாடியை உடைக்கும் எண்ணமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று அவன்மீதான சொத்துச்சேதத் தண்டனை ரத்தானது.

இங்கே துப்பாக்கிச் சூட்டு வழக்குகளில்தான் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. உத்தரப்பிரதேசத்தில் ஒரு தகராறில் சுட்ட குண்டு, கடைக்குச் சாமான் வாங்க வந்த பெண்ணைக் கொன்றது. அவளைக் கொல்லும் எண்ணமில்லை என்று உயர்நீதிமன்றம் கொலைக் குற்றச்சாட்டை நீக்கியது. 2006இல் உச்ச நீதிமன்றம் 301ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டி அந்த உத்தரவை ரத்து செய்து, வழக்கை விசாரணைக்கே திருப்பி அனுப்பியது.