பன்னிரண்டு புள்ளியும் மூன்று ஆண்டும்

பிரிட்டனில் வண்டி ஓட்டுகிறவர்களில் பலருக்கு ஒரு விஷயம் தெரியும்: பன்னிரண்டு பெனால்டி பாயிண்ட் சேர்ந்தால் லைசென்ஸ் போய்விடும். ஆனால் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எண்ணுவார்கள் என்று கேட்டால், லண்டனில் பல வருஷமாக டாக்ஸி ஓட்டுகிறவரே தடுமாறுவார். லைசென்ஸை இழப்பவர்களில் பலர் பெரிய குற்றம் எதுவும் செய்தவர்கள் அல்ல. சின்னச் சின்னத் தவறுகள் கூடிக் கூடித்தான் அவர்களை நீதிமன்றத்தில் நிறுத்துகின்றன. அதனால் இந்தக் கணக்கை நிதானமாகப் பார்த்துவிடுவது நல்லது.

1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துக் குற்றவாளிகள் சட்டம் சொல்வது இதுதான். மூன்று ஆண்டுக்குள் செய்த குற்றங்களுக்கான புள்ளிகள் 12 ஆகவோ அதற்கு மேலோ சேர்ந்தால், குறைந்தது ஆறு மாதம் வண்டி ஓட்டத் தடை. அந்த மூன்று ஆண்டை ஒரு தவறு நடந்த நாளிலிருந்து அடுத்த தவறு நடந்த நாள்வரை எண்ண வேண்டும். அபராதம் கட்டிய நாளும் தீர்ப்பு வந்த நாளும் இந்தக் கணக்கில் வரவே வராது. வழக்கை இழுத்தடித்தால் பழைய புள்ளி காலாவதியாகிவிடும் என்று நினைத்து வாய்தா கேட்பவர்கள் உண்டு. அதனால் ஒரு பயனும் இல்லை.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். லண்டனில் வேன் ஓட்டிப் பிழைக்கும் ஒருவர், 2023 மார்ச் 14 அன்று 30 மைல் வேக எல்லையில் 44 மைலில் போய் கேமராவில் சிக்குகிறார். 100 பவுண்டு அபராதம், 3 புள்ளி. அதே ஆண்டு நவம்பர் 20 அன்று சிக்னலில் நிற்கும்போது கையில் போனை எடுத்துப் பார்க்கிறார். சிவப்பு விளக்கில் வண்டி நின்றிருந்தாலும் அது ஓட்டுவதாகத்தான் கொள்ளப்படும். 200 பவுண்டு, 6 புள்ளி. ஆக ஒன்பது.

2024 ஆகஸ்டில் மறுபடியும் வேகம், இந்த முறை கொஞ்சம்தான். போலீஸ் அவருக்கு வேக விழிப்புணர்வு வகுப்பு ஒன்றில் சேர வாய்ப்புத் தருகிறது. பணம் கட்டி உட்கார்ந்துவிட்டு வந்தால் புள்ளி இல்லை. தப்பித்தோம் என்று மூச்சு விடுகிறார். ஆனால் ஒரு முறை அந்த வகுப்புக்குப் போய்விட்டால், அடுத்த மூன்று ஆண்டுக்குள் நடக்கும் வேகக் குற்றத்துக்கு அந்தச் சலுகை மீண்டும் கிடைக்காது.

2026 மார்ச் 2 அன்று, இருபது மைல் எல்லை போட்ட ஒரு குடியிருப்புத் தெருவில் 27 மைலில் போகிறார். வகுப்புக்கு வழியில்லை, குறைந்தபட்சமான 3 புள்ளிதான். முதல் தவறு 2023 மார்ச் 14. மூன்று ஆண்டு நிறைய இன்னும் பன்னிரண்டு நாள் பாக்கி. மூன்றும் ஆறும் மூன்றும் பன்னிரண்டு. இதே தவறை மார்ச் 15 அன்று செய்திருந்தால் பழைய மூன்று விழுந்துபோய் ஒன்பதோடு நின்றிருக்கும். கணக்கு பன்னிரண்டைத் தொடும் நிலையில் இருப்பவருக்கு, கட்டிவிட்டுப் போகும் அபராதச் சீட்டு தர மாட்டார்கள். விஷயம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகும்.

இங்கேதான் இன்னொரு குழப்பம். டி.வி.எல்.ஏ. எனப்படும் லைசென்ஸ் அலுவலகத்தின் பதிவில் வேகத்துக்கான SP30, போனுக்கான CU80 போன்ற குறியீடுகள் பொதுவாக நான்கு ஆண்டு தெரியும். பதிவில் தெரிவதாலேயே அந்தப் புள்ளி தடைக்கணக்கில் சேரும் என்பதில்லை. மூன்று ஆண்டு தாண்டியது சேராது. gov.uk தளத்தில் லைசென்ஸ் எண், தேசியக் காப்பீட்டு எண், அஞ்சல் குறியீடு மூன்றையும் கொடுத்தால் உங்கள் பதிவைப் பார்க்கலாம். அதில் குற்றம் நடந்த தேதியைத்தான் தேட வேண்டும்.

ஒரே சமயத்தில் இரண்டு குற்றம் என்றால் பொதுவாக எது பெரியதோ அதற்கான புள்ளி மட்டும்தான். போனைக் கையில் வைத்துக்கொண்டு வேகமாகவும் போய்ப் பிடிபட்டால் ஒன்பது அல்ல, ஆறுதான் சேரும்.

புதிதாக டெஸ்ட் பாஸ் செய்தவர்களுக்குக் கணக்கு இன்னும் கடுமை. முதல் டெஸ்ட் பாஸ் செய்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்யும் தவறால் ஆறு புள்ளி சேர்ந்தாலே லைசென்ஸ் ரத்து. கற்கும்போது வாங்கிய புள்ளிகளும் இதில் சேரும். ரத்து செய்வது நீதிமன்றம் அல்ல, டி.வி.எல்.ஏ.தான். ஆகவே போய் நின்று முறையிட இடமே இல்லை. மறுபடியும் கற்பவர் லைசென்ஸ் எடுத்து, எழுத்துத் தேர்வு, ஓட்டுநர் தேர்வு இரண்டையும் திரும்ப எழுத வேண்டும். இந்திய, இலங்கை லைசென்ஸ்களை பிரிட்டன் லைசென்ஸாக மாற்றிக்கொள்ள முடியாது. குடியேறி ஓராண்டு வரை ஓட்டலாம், பிறகு அங்கே டெஸ்ட் எழுத வேண்டும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பதினைந்து வருஷம் ஓட்டியவரும் அந்த டெஸ்டுக்குப் பிறகு புது ஓட்டுநர்தான். ஒரே ஒரு போன் அழைப்பு போதும், ஆறு புள்ளி வந்துவிடும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொரு வகை. கேமராவில் வண்டி சிக்கினால் பதிவு உரிமையாளருக்குப் பதினான்கு நாளுக்குள் நோட்டீஸ் போகும். வண்டியை ஓட்டியது யார் என்று 28 நாளுக்குள் எழுதி அனுப்ப வேண்டும். வீடு மாறியவர், வண்டியின் V5C பதிவுப் புத்தகத்தில் முகவரியை மாற்ற மறந்திருப்பார். கடிதம் பழைய வீட்டுக்குப் போகும். வேகக் குற்றத்துக்கு மூன்று புள்ளிதான் வந்திருக்கும். பதில் தராத குற்றத்துக்கு, MS90 என்ற குறியீட்டோடு, ஆறு வந்து சேர்கிறது.

அதே படிவத்தில் இன்னொருவர் பெயரை எழுதி, புள்ளியை அவர் தலையில் வைத்துவிடலாம் என்ற எண்ணம் குடும்பங்களுக்குள் சகஜமாக எழுகிறது. தயவுசெய்து வேண்டாம். 2003இல் எம்11 நெடுஞ்சாலையில் வேகமாகப் போன அரசியல்வாதி கிறிஸ் ஹூன், தன் புள்ளிகளை மனைவி விக்கி பிரைஸ் ஏற்கும்படி செய்தார். பின்னாளில் அமைச்சரானார். 2013இல் நீதிக்குக் குந்தகம் விளைவித்த குற்றத்துக்காக இருவருக்கும் தலா எட்டு மாதச் சிறை விதிக்கப்பட்டது. மூன்று புள்ளிக்குப் பயந்து செய்த காரியம் அது.

நம் வேன்காரருக்கு நீதிமன்றத்தில் ஒரு வழி உண்டு. தடை விதித்தால் அசாதாரணமான கஷ்டம் வரும் என்று சத்தியப்பிரமாணம் செய்து சாட்சி சொல்லலாம். வேலை போய்விடும் என்பது மட்டும் பெரும்பாலும் எடுபடாது. தடை என்றாலே யாருக்கும் வரும் கஷ்டம் அது என்று கருதுவார்கள். டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்லும் தாய், தன்னை நம்பிச் சம்பளம் வாங்கும் ஊழியர்கள் என்று தப்பேதும் செய்யாத பிறருக்கு வரும் பாதிப்பை மருத்துவமனைக் கடிதம், வங்கிக் கணக்கு போன்ற ஆவணங்களோடு காட்ட வேண்டும். இப்படி வடிகட்டுவது நியாயம்தான் என்றே நினைக்கிறேன். தடையிலிருந்து தப்பினாலும் பன்னிரண்டு புள்ளியும் பதிவில் அப்படியே இருக்கும். அதே காரணத்தை அடுத்த மூன்று ஆண்டுக்குத் திரும்பச் சொல்லவும் முடியாது.

வாதம் எடுபடாவிட்டால் தடை அந்த நிமிஷமே தொடங்கும். நீதிமன்றத்துக்கு வேனில் வந்தவர், அதை வெளியே விட்டுவிட்டுப் பஸ்ஸில்தான் வீடு திரும்ப வேண்டும். ஓட்டிக்கொண்டு போனால் அது சிறைக்கு இடமுள்ள தனிக் குற்றம். இந்தத் தடையோடு பழைய புள்ளிகள் கழிந்துவிடும். ஆனால் லைசென்ஸ் தானாகத் திரும்பி வராது. தடை முடிய 56 நாள் இருக்கும்போது டி.வி.எல்.ஏ. D27 என்ற படிவத்தை அனுப்பும். அதை நிரப்பிப் புது லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்காகவாவது முகவரி சரியாக இருக்க வேண்டும்.