படத்தோடு போவதும் கீழே தங்குவதும்

சுங்குடிச் சேலையை இன்ஸ்டாகிராமில் விற்கும் பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். படம் நல்ல வெளிச்சத்தில் இருக்கிறது. கேப்ஷன் "அன்புச் சகோதரிகளுக்கு வணக்கம், உங்களுக்காகவே இன்றைய புது வரவு" என்று தொடங்கி, பூவும் இதயமுமாக நீள்கிறது. கடைசியில் "விவரம் முதல் கமென்ட்டில்." அங்கே போனால் விலை, துணி, தபால் செலவு, துவைக்கும் முறை, பச்சை நிறம் தீர்ந்துபோன சேதி எல்லாம் ஒரே பத்தியில் குவிந்து கிடக்கும். அதற்கும் கீழே வரிசையாக ஒரே கேள்வி: "பிரைஸ் ப்ளீஸ்."

கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. கமென்ட் பகுதியைத் தொட்டுத் திறந்தால்தான் அந்தப் பத்தி கண்ணில் படும். கேப்ஷன் அப்படியல்ல, படத்துக்குக் கீழேயே நிற்கிறது. பதிவைத் தோழிக்கு அனுப்பினாலும் திரையைப் படம்பிடித்து வாட்ஸப் குழுவில் போட்டாலும் படத்தோடு போவது கேப்ஷனின் தொடக்கம் மட்டும்தான். பின் பண்ணிய கமென்ட் அந்தப் பதிவை விட்டு நகராது. எதை எங்கே எழுதுவது என்பதை இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே முடிவு செய்துவிடலாம். தெரியாமல் வாங்கினால் பின்னால் சண்டை வருமா? வருமென்றால் அது கேப்ஷனுக்கு. வாங்க முடிவு செய்தவருக்கு மட்டும் தேவைப்படுவதும், நாளைக்கே மாறக்கூடியதும் கமென்ட்டுக்கு.

கேப்ஷனிலும் எல்லா இடமும் ஒன்றல்ல. இன்ஸ்டாகிராம் 2,200 எழுத்துக்குறிகள் வரை இடம் தருகிறது. ஆனால் ஃபீடில் வருபவருக்குத் தெரிவது முதல் ஓரிரு வரிதான், மீதி more என்ற சொல்லுக்குப் பின்னால் மறைந்துவிடும். ரீல்ஸில் அதுவும் சுருங்கும். தமிழ் எழுத்து அகலம் பிடிக்கும் என்பதால் ஒரு வரியில் நாலைந்து சொல் அடங்கினால் அதிகம். வணக்கத்துக்கும் பூவுக்கும் அந்த இடத்தைக் கொடுத்தால் கேப்ஷனில் விலை இருந்தும் இல்லாததுபோல்தான்.

நம் சுங்குடிப் பதிவைத் திருத்தி எழுதிப் பார்ப்போம். முதல் வரி: "கைமுடிச்சு மதுரைச் சுங்குடி, ரூ. 1,450." பெயருக்கும் முன்னால் 'கைமுடிச்சு' வருவதற்குக் காரணம் இருக்கிறது. துணியைச் சிறு சிறு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் முக்கி, பிறகு அவிழ்த்தால் வருவது அசல் சுங்குடிப் புள்ளி. அதே புள்ளியை அச்சில் போட்ட சேலையும் சுங்குடி என்ற பெயரில்தான் விற்கிறது. உழைப்பும் விலையும் வேறு, படத்தில் வித்தியாசம் தெரியாது. அச்சுச் சேலையை விற்பவரும் முதல் வரியிலேயே 'பிரிண்ட்' என்று சொல்லிவிட வேண்டும். அதைக் கமென்ட்டில் போட்டுவிட்டு "சொல்லியிருந்தேனே" என்று வாதாடுவது கடைக்காரருக்கு அழகல்ல.

இரண்டாவது வரி: "தூய காட்டன், 5.5 மீட்டர், பிளவுஸ் துணி இல்லை, தபால் செலவு தனி." பிளவுஸ் உண்டா இல்லையா என்பது சின்ன விஷயமாகத் தெரியும். பார்சலைப் பிரித்ததும் வரும் முதல் புகாரே அதுதான். திருப்பி எடுக்க மாட்டீர்கள் என்றால் அதுவும் கேப்ஷனில்தான் இருக்க வேண்டும்.

சாயம் விஷயம் கொஞ்சம் தந்திரமானது. அடர்நிறச் சுங்குடியை முதல் தடவை நனைத்தால் சாயம் விடக்கூடும். வாங்குமுன் தெரிந்திருக்க வேண்டியது இது, ஆனால் துவைக்கும் முறை முழுவதையும் மேலே எழுதினால் கேப்ஷன் தாங்காது. எனவே விஷயத்தை இரண்டாகப் பிரிக்கலாம். "முதல் அலசலில் சாயம் விடும்" என்ற எச்சரிக்கை மேலே. தனியாக அலசுவது, ஊறப்போடாமல் எடுப்பது, நிழலில் உலர்த்துவது எல்லாம் கீழே. எச்சரிக்கை மேலே, செய்முறை கீழே என்ற இந்தப் பிரிப்பு மற்ற பொருளுக்கும் பெரும்பாலும் ஒத்துவரும். ஊறுகாய் விற்பவர் 'கடலை எண்ணெய் சேர்ந்தது' என்பதைக் கீழே தள்ளக் கூடாது.

இனி பின் பண்ணிய கமென்ட். எந்த நிறம் தீர்ந்தது, அடுத்த லாட் எப்போது, பணம் கட்டிய பின் என்றைக்கு அனுப்புவீர்கள், திரும்பத் திரும்ப வரும் இரண்டு மூன்று கேள்விக்குப் பதில் ஆகியவை இங்கே. உங்கள் கமென்ட்டை நீங்களே பின் பண்ண வேண்டும், முதலில் எழுதியதாலேயே அது மேலே நின்றுவிடாது. இன்ஸ்டாகிராம் மூன்று கமென்ட் வரை பின் பண்ண விடுகிறது. என்னைக் கேட்டால் ஒன்று போதும், மூன்று வைத்தால் எதையும் படிக்க மாட்டார்கள்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வாடிக்கையாளர் கேட்ட நல்ல கேள்வியைப் பின் பண்ணிவிட்டு அதற்கு அடியிலேயே பதில் எழுதுவார்கள். பதில்கள் மடங்கிக் கிடக்கும், இன்னொரு தடவை தொட்டால்தான் விரியும். கேள்வி கொடிபோலப் பறக்கும், பதில் தெரியாது. பதிலைப் புதிய கமென்ட்டாக எழுதி அதைப் பின் பண்ணுவதே சரி.

விலையைத் தப்பாகப் போட்டுவிட்டால்? கேப்ஷனிலேயே திருத்த வேண்டும். கீழே மட்டும் "மன்னிக்கவும், 1,540" என்று எழுதினால், தப்பான விலை படத்தோடு ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். மேலே சத்தமில்லாமல் மாற்றினாலும், காலையில் பார்த்தவர் ஏமாற்று என்பார். எனவே எண்ணை மேலே மாற்றிவிட்டு, எப்போது எதிலிருந்து எதற்கு மாற்றினீர்கள் என்பதைக் கீழே பின் பண்ணலாம்.

சேலையை இலவசமாக வாங்கி உடுத்திக் காட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. இது விளம்பரம் என்ற அறிவிப்பு எளிதில் கண்ணில் பட வேண்டும், ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் புதைக்கக் கூடாது என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலின் 2021 வழிகாட்டுதல் சொல்கிறது. 2023 ஜனவரியில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரமும் அதுவே. கமென்ட்டில் போட்டால் கணக்கில் வராது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஹேஷ்டேக்கைக் கமென்ட்டில் போட்டால் கேப்ஷன் சுத்தமாக இருக்கும் என்று பலரும் செய்கிறார்கள். தேடலில் பதிவு கிடைக்க வேண்டுமானால் ஹேஷ்டேக்கும் தேடுசொல்லும் கேப்ஷனில் இருக்க வேண்டும், கமென்ட்டில் அல்ல என்று 2021இல் இன்ஸ்டாகிராமே விளக்கியது. 'சுங்குடி', 'காட்டன் சேலை' போன்ற சொற்கள் வாக்கியத்தோடு வாக்கியமாகக் கேப்ஷனில் வந்துவிடுவது நல்லது. இணைப்பு வேறு கதை. இன்ஸ்டாகிராமில் மேலே எழுதினாலும் கீழே எழுதினாலும் அது சொடுக்கினால் திறக்காது, புரொஃபைலில்தான் வைக்க வேண்டும். யூடியூப் ஷார்ட்ஸிலும் 2023 ஆகஸ்ட் முடிவிலிருந்து விவரக்குறிப்பு, கமென்ட் இரண்டிலுமே இணைப்பு வேலை செய்வதில்லை. "லிங்க் கமென்ட்டில்" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் பார்வையாளரை வீணாக அலைய விடுகிறார்கள்.

பின் பண்ணிய கமென்ட் தானாகப் பழையதாகிவிடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். "நாளை அனுப்பிவிடுவோம்" என்ற வரி தீபாவளிக்கு எழுதியது பொங்கலிலும் மேலேயே நிற்கும், யாரோ ஒருவர் அதை நம்பிப் பணம் அனுப்புவார். லாட் தீர்ந்த அன்றே அதை எடுத்துவிட்டு, கேப்ஷனின் முதல் சொல்லாக 'விற்றுத் தீர்ந்தது' என்று சேர்த்துவிடுங்கள்.